ஏற்புரை எத்தனை மணிக்கு?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் மே 31, ஜூன் 30 ஆகிய இரண்டு நாட்களிலும் மாலை அணியாத ஆள் இருக்கிறாரா என்று கேட்கும் அளவுக்குப் பணி நிறைவு பாராட்டு விழாக்கள் நடக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக அமைய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் பிறந்த தேதியை மே, ஜூன் மாதங்களில் எழுதிவைத்த பெற்றோர் அந்தக் காலத்தில் ஏராளம். பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு என்பது விதி. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2021 முதல் 60. ஆகவே 1966 ஜூன் மாதம் பத்தாம் தேதி பிறந்ததாகப் பதிவேட்டில் உள்ளவர் 2026 ஜூன் 30 பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

அன்று மாலை நடக்கும் விழாவில் பெரும்பாலும் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப நேர்கிறது. விழா யாருக்காகவோ அவர் கடைசியில்தான் மைக்கைப் பிடிக்கிறார். அதற்குள் மணி எட்டு. பாதிப் பேர் பந்திக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர் ‘நேரம் ஆகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி’ என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வார். பேச வந்தவர்கள் மேல் பழி போட்டுப் பயனில்லை. தொகுப்புரை எழுதும்போதே இதைத் தடுக்க முடியும்.

அதற்கு எழுதும் வரிசையை மாற்ற வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்து தொடங்கி எழுதாமல், ஏற்புரையின் நேரத்தை முதலில் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

ஒரு வட்டாட்சியர் அந்த நாளில் ஓய்வு பெறுவதாக வைத்துக்கொள்வோம். 2026 ஜூன் 30 செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று மூன்று மணி முதல் நாலரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் மேடையில் உட்கார வேண்டாம் என்று அவர் வீட்டார் சொல்வார்கள். பொறுப்பு ஒப்படைத்துக் கையெழுத்துப் போடவும் அவருக்குப் பிற்பகல் தேவை. ஆக, விழா நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிய வேண்டும். அதன் பிறகு சக ஊழியர்கள் அவரை வண்டியில் அழைத்துப்போய் வீட்டில் விட்டுவருவது வழக்கம் என்பதால், ஆறரையைத் தள்ளிப்போட இடமில்லை. கையில் 120 நிமிடம்.

பேச விரும்புவோர் பட்டியலில் 14 பெயர்கள் வந்திருக்கின்றன. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 70 நிமிடம்தானே, தாராளமாக முடியும் என்று விழாக் குழு நினைக்கும். உண்மையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆவதில்லை. தொகுப்பாளர் அறிமுகம் ஒரு நிமிடம். இருக்கையிலிருந்து எழுந்து மைக் உயரத்தைச் சரிசெய்ய அரை நிமிடம். மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் பதவியோடு விளித்து வணக்கம் சொல்ல ஒரு நிமிடம். ஏழரை நிமிடம் என்று கணக்கிட்டால் 14 பேருக்கு 105 நிமிடம் போய்விடும். விழாவே அதோடு முடிந்தது.

இதில் தொகுப்பாளர் கையில் இருப்பவை மூன்று. பேச்சாளர் எண்ணிக்கையை ஆறாகக் குறைக்கச் சொல்லலாம். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர, அதை ஆல்பமாகக் கட்டிப் பரிசாகக் கொடுக்கலாம். தன் அறிமுகத்தை அரை நிமிடத்துக்குள் சுருக்கிக்கொள்ளலாம். விளித்தலையும் மிச்சப்படுத்தலாம்: “அவையோர் அனைவருக்குமான வணக்கத்தைத் தலைவர் நம் எல்லார் சார்பிலும் சொல்லிவிட்டார்” என்று முதல் பேச்சு முடிந்ததும் அறிவித்தால், அடுத்து வருபவர் நேராகச் செய்திக்கு வருவதற்கு ஒரு மரியாதையான வழி கிடைக்கிறது. பெயர் சொல்லாமல் விட்டால் யாராவது வருந்துவார்களோ என்ற பயம்தான் பலரை இழுக்க வைக்கிறது. அந்தப் பயத்தை மேடையே போக்கிவிட வேண்டும்.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்று பேசுபவருக்கு எப்படித் தெரிவிப்பது? துண்டுச் சீட்டு கொடுப்பது அவமானமாகப் படும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளால் நேரம் காட்டுவார்கள். அலுவலக விழாவுக்கு விளக்கு வேண்டாம். முன்வரிசையில் ஒருவர் நாலாவது நிமிடத்தில் பச்சை அட்டையும் ஐந்தாவதில் சிவப்பு அட்டையும் மடியில் வைத்துக் காட்டினால் போதும். பேச வருபவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது முக்கியம்.

இனி பரிசளிப்பு. விழா உண்மையாகவே நழுவிப் போகும் இடம் இதுதான். பேச்சை விட இதற்கு அதிகக் கவனம் தேவை.

ஒரு பொன்னாடைக்கு எவ்வளவு நேரம்? பெயர் அழைத்து, அவர் மேடையேறி, உறையைப் பிரித்து, போர்த்தி, புகைப்படக்காரர் “சார், இங்கே பாருங்க” என்று சொல்லி, இறங்குவதற்கு 40 நொடி. 26 பேர் என்றால் 17 நிமிடத்துக்கு மேல். உறையைப் பிரிக்கும் வேலையை மேடை ஓரத்தில் முன்னதாகவே முடித்துவைத்தால் நேரம் கணிசமாகக் குறையும். மேடைப் படிக்கட்டு ஒன்றே என்றால் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க ஏற்பாடு வேண்டும். அழைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பெயரை மட்டும் சொல்லாமல் அடுத்த பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “இப்போது நில அளவைப் பிரிவு நண்பர்கள், அவர்களைத் தொடர்ந்து கிராம நிர்வாக அலுவலர்கள் மேடை அருகே வரலாம்.” பிரிவு பிரிவாக அழைத்தால் 26 தனி ஏற்றங்கள் ஏழெட்டுக் குழுப் படங்களாகிவிடும்.

நம் வட்டாட்சியர் பெண் என்றால் இன்னொன்றையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஆண் அலுவலர்கள் பொன்னாடையைப் போர்த்துவதா, கையில் கொடுப்பதா? மேடையில் வந்து தயங்கி நிற்பது இருவருக்கும் சங்கடம். “ஆடையை அம்மாவின் கையில் வழங்குகிறார்கள்” என்று தொகுப்புரையிலேயே எழுதிவிட்டால் குழப்பமில்லை. சேர்ந்த மாலைகளையும் ஆடைகளையும் உடனுக்குடன் வாங்கி வைக்க ஒரு பெண் ஊழியர் பின்னால் நிற்க வேண்டும். ஜூன் மாத வெக்கையில் ஐந்து ஆடைகளைச் சுமந்துகொண்டு யாரும் சிரித்த முகத்தோடு நிற்க முடியாது.

பாட்டு, விடுகதை, பலகுரல் போன்றவற்றைப் பலரும் விழாவின் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். அங்கே அவை வீண். மூன்று பேச்சு முடிந்து கூட்டம் கைப்பேசியைத் துழாவத் தொடங்கும் நேரத்தில்தான் அவற்றுக்கு வேலை இருக்கிறது. ஆனால் பாட்டு நான்கு நிமிடம் என்றால் பென் டிரைவைத் தேடி, கோப்பைத் திறந்து, ஒலி சரிபார்க்க மேலும் நான்கு நிமிடம் ஆகிவிடும். மூன்றாவது பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாடுபவர் மேடை ஓரம் வந்து நிற்க வேண்டும், பாடல் ஒலிபெருக்கிக்காரரிடம் தயாராக இருக்க வேண்டும். இரண்டாவதாக, விழா நாயகியின் பழைய புகைப்படங்களைத் திரையில் காட்டி ‘இது எந்த ஊர், எந்த வருடம்?’ என்று கேட்கும் சிறு வினாடி வினா வைக்கலாம். எந்தப் படங்களைக் காட்டுவது என்பதை அவர் குடும்பத்தினரே தேர்ந்தெடுக்கட்டும். மறைந்த கணவர் இருக்கும் படம் எதிர்பாராமல் திரையில் வந்தால் அவர் அதற்குப் பின் எதையும் கேட்க மாட்டார்.

இப்போது நிரலைக் கட்டலாம். 4.30 முதல் பத்து நிமிடம் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி. குத்துவிளக்கின் ஐந்து திரிகளும் பிடித்து எரியத்தான் நேரமாகும், திரிகளில் முன்பே எண்ணெய் ஊறவிட்டு வைக்க வேண்டும். 4.40க்குத் தலைமையுரையோடு சேர்த்து மூன்று பேச்சு, ஒன்றுக்கு ஆறு நிமிடம். 4.58க்குப் பாட்டு. 5.06க்கு மேலும் மூன்று பேச்சு. 5.24க்கு வினாடி வினா. 5.30 முதல் 5.50 வரை பரிசுகள். கடைசிப் பரிசாக, சட்டமிட்ட வாழ்த்து மடலை வாசித்து வழங்குவது. 5.50க்கு ஏற்புரை, 20 நிமிடம். 6.10க்கு நன்றியுரை, நாட்டுப்பண். முடியும்போது 6.15.

மீதம் 15 நிமிடம். இதை அழைப்பிதழிலும் போடக் கூடாது, மேடையில் யாரிடமும் சொல்லக் கூடாது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், மின்சாரம் போகும், பட்டியலில் இல்லாத ஒருவர் “இரண்டே வார்த்தை” என்று எழுந்து வருவார். அவற்றுக்காகத்தான் இந்த நேரம். விருந்தினர் வரவில்லை என்றால் பாட்டை முன்னுக்கு இழுத்துவிடலாம். 15 நிமிடத்துக்கு மேல் பின்தங்கினால் முதலில் வினாடி வினா போகும், அடுத்து ஒரு வாழ்த்துரை மடலாக மாறும். எதை வெட்டுவது என்பதை முந்தின நாளே முடிவு செய்து, அந்த அட்டையில் சிவப்புக் கோடு போட்டுவைக்க வேண்டும். ஏற்புரையில் கை வைக்கவே கூடாது.

தொகுப்புரையைக் கட்டுக்கட்டாக ஏ4 தாளில் எழுதாமல், ஒரு நிகழ்வுக்கு ஒரு தடித்த அட்டை என்று எழுதினால்தான் இப்படி மாற்றி அடுக்க முடியும். அட்டையின் மூலையில் அது தொடங்க வேண்டிய மணி இருக்கட்டும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் போகும். தன் வேகம் என்ன என்பதைக் கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. அரை நிமிட இணைப்புக்கு ஐம்பது சொல் போதும்.

அந்த ஐம்பது சொல்லில் என்ன இருக்க வேண்டும்? ‘அம்மாவைப் பற்றிச் சொல்ல வார்த்தைகளே இல்லை’ என்ற வரியை எந்த விழாவிலும் வாசிக்கலாம். அதனாலேயே அது யார் மனதிலும் தங்காது. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பார்க்கலாம்: “2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரணப் பட்டியல் எழுத அனுப்பப்பட்டவர்களில் அம்மாவும் ஒருவர். இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெயர்களைச் சரிபார்த்த அந்த நாட்களில் உடன் இருந்தவர், இப்போது பேச வருகிறார்.” இருபத்தைந்து சொல்கூட இல்லை. பேச வருபவருக்கு எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடுகிறது. இப்படியான செய்திகளை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பணிப் பதிவேட்டிலிருந்தும் பழைய தோழர்களிடமிருந்தும் சேகரித்து, உண்மைதானா என்று விழா நாயகியின் வீட்டாரிடம் சரிபார்த்துவிட வேண்டும். பெயரின் தலைப்பெழுத்தையும் பதவிப் பெயரையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

ஏற்புரையின் நடுவே அவர் குரல் உடைந்து நிற்கக்கூடும். உடனே மைக்கை வாங்கி ஆறுதல் சொல்லவோ கைதட்டக் கேட்கவோ தொகுப்பாளர் முயலக் கூடாது. தண்ணீர்ப் புட்டி மூடி திறந்தபடி அருகில் இருக்கட்டும். இருபது நொடி போகட்டும், அவரே தொடர்வார். பேசி முடித்ததும் அதற்கு விளக்கமோ பாராட்டோ சேர்க்காமல், நன்றி சொல்பவரின் பெயரை மட்டும் அறிவிக்க வேண்டும். நன்றியுரையாளர் இரண்டாவது மைக் அருகே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார். சமையல்காரர், ஒலிபெருக்கிக்காரர், மேடை போட்டவர் பெயர்கள் அவர் சீட்டில் இருக்கின்றனவா என்று தொகுப்பாளர் முன்பே பார்த்திருக்க வேண்டும். பிறகு நாட்டுப்பண், 52 நொடி. பந்தி எந்தப் பக்கம், வீட்டுக்குப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்ற அறிவிப்பை நாட்டுப்பண்ணுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; அது முடிந்த பின் மைக்கில் சொல்வது யார் காதிலும் விழாது.