இருட்டுப் படத்தில் ஓரம் பிசிறாமல் வெட்ட

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு கோயில் திடலில் இரவில் வள்ளி கும்மி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் எடுத்த படம். பச்சைச் சேலையில் குனிந்து கைதட்டும் பெண்ணை மட்டும் வெட்டி, அரங்கேற்ற ஃபிளெக்ஸின் மஞ்சள் பின்னணியில் வைக்க வேண்டும். Magic Wand கருவியால் சேலையைத் தொட்டால் ஓரமெல்லாம் பிசிறு, நடுவிலும் ஓட்டைகள்.

அந்தக் கருவிக்குப் பெண்ணும் தெரியாது, சேலையும் தெரியாது. நாம் தொட்ட புள்ளியின் நிறத்தோடு பக்கத்துப் புள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஒளி குறைந்த இடத்தில் கேமரா தனக்குக் கிடைத்த சிறு சிக்னலைப் பெருக்கும்போது அதன் தடுமாற்றமும் சேர்ந்து பெருகுகிறது. ஒரே துணியில் ஒரு புள்ளி 60 என்றால் அடுத்தது 85, அதற்கடுத்தது 45. பின்னால் உள்ள இருட்டே 40 என்றால், கருவி அந்த 45-ஐ எந்தப் பக்கம் சேர்க்கும்?

இங்கேதான் எல்லோரும் Feather பக்கம் போகிறோம். ஓரத்தை மென்மையாக்கினால் பிசிறு மறையும் என்ற நம்பிக்கை. மறைவதில்லை, கோடு தவறான இடத்திலேயே இருக்க, அதன் மேல் ஒரு மங்கல் படர்கிறது. அந்த மங்கலோடு இரவின் கருமையும் ஒட்டிக்கொண்டு வரும். மஞ்சள் பின்னணியில் வைத்ததும் சேலையைச் சுற்றி அழுக்கு வளையம் தெரியும். படம் முழுவதையும் வழவழப்பாக்கிவிட்டு வெட்டுகிறவர்களும் உண்டு. ஓரம் சரியாகும், ஆனால் முகம் மெழுகாகிவிடும்.

தையல்காரர் முதலில் காகிதத்தில் அளவை வெட்டிக்கொண்டு, அதைத் துணி மேல் வைத்து வெட்டுவாரல்லவா? நாமும் அப்படியே செய்வோம். Ctrl+J அழுத்திப் படத்துக்கு ஒரு நகல் எடுப்போம். நகலில் மட்டும் Filter > Noise > Median. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ளவற்றோடு வரிசைப்படுத்தி, நடு மதிப்பை அது எடுத்துக்கொள்ளும். துள்ளி நிற்கும் புள்ளிகள் அடங்கும். சேலையின் ஓரக் கோடு பெரும்பாலும் கலங்காது. சாதாரண Blur ஓரத்தையும் சேர்த்துக் கலைத்துவிடும் என்பதால் அது வேண்டாம். Radius 2-இல் தொடங்கி, புள்ளிகள் அடங்கியதும் நிறுத்திவிடலாம். இப்போது நகலில் செலக்‌ஷன் போட்டு, அதை அசல் லேயருக்கு Layer Mask ஆக மாற்றிவிட்டு, நகலை அழித்துவிடலாம். வெட்டுக்கோடு நகலிலிருந்து வந்தது. முகமும் சேலையும் அசலிலேயே இருக்கின்றன.

அடியில் பளிச்சென்ற மஞ்சளை நிரப்பி, 200% பெரிதாக்கி ஓரத்தை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். கருங்கோடு தெரிந்தால் மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் போதும். விரல் இடுக்குகளை Median விழுங்கியிருக்கும். அங்கே அசலைப் பார்த்து Pen கருவியால் கையாலேயே வரைய வேண்டும். கருங்கூந்தல் கருத்த வானத்தில் கரைந்த இடத்தில் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க ஓரமே இல்லை. அங்கேயும் கைதான், கொஞ்சம் ஊகமும்தான்.

கடைசியாக ஒன்று. சுத்தமான மஞ்சள் மேல் புள்ளி நிறைந்த உருவம் ஒட்டவைத்ததுபோல் நிற்கும். பின்னணிக்கும் Add Noise-இல் கொஞ்சம் புள்ளி சேர்த்தால் இரண்டும் ஒரே படமாகச் சேர்ந்துகொள்ளும்.