நான்காம் பத்தியில் ஒளிந்த செய்தி

"மருத்துவச் சேவையில் முன்னோடியாக விளங்கும் எங்கள் மருத்துவமனை, வெள்ளிவிழா ஆண்டில் பெருமையுடன் அறிவிப்பது யாதெனில்..." செய்திக்குறிப்பு இப்படித் தொடங்கினால் துணை ஆசிரியர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். இந்தக் கற்பனைக் குறிப்பிலும் செய்தி உண்டு. திங்கள் முதல் இரவிலும் டயாலிசிஸ் செய்வார்களாம். அது கிடப்பது நான்காம் பத்தியில்.

திருத்துபவர் முதலில் ஒரு நோயாளியின் மகனிடம் போனில் இதை எப்படிச் சொல்வோம் என்று யோசிக்க வேண்டும். வெள்ளிவிழாவையா சொல்வோம்? "சிறுநீரக நோயாளிகள் வேலைக்கு விடுப்பு எடுக்காமல் இரவிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் வசதி திங்கள்கிழமை தொடங்குகிறது." இதுதான் முதல் வரி. அடுத்து கட்டணம், நேரம், முன்பதிவு எண். வெள்ளிவிழா கடைசிப் பத்திக்குப் போகட்டும். இடம் போதாவிட்டால் பத்திரிகைகள் கீழிருந்துதான் வெட்டும்.

மேற்கோள்தான் பெரிய தலைவலி. "இம்முன்னெடுப்பு நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை மேம்படுத்தும் என உறுதியாக நம்புகிறோம்" என்று எந்த மருத்துவரும் வாயால் சொல்வதில்லை. பெயரை மறைத்துப் பாருங்கள். எந்த மருத்துவமனைக்கும் பொருந்தும். அதை மெருகேற்றிப் பயனில்லை. மருத்துவரையே அழைத்து, "ஏன் சார் இரவில்?" என்று கேட்க வேண்டும். "வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். எந்த முதலாளி இத்தனை லீவு கொடுப்பார்?" என்று பதில் வரலாம். அதை அப்படியே எழுதி, அவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் சொல்லாததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் வாயில் வைக்கக் கூடாது.