41-வது சீன் ஏன் போனது?

திரைக்கதையின் இரண்டாவது வடிவம் இயக்குநரின் கைக்குப் போகும்போது, ஸ்கிரிப்ட் எடிட்டர் அதன் மேல் ஒரு குறிப்பு வைத்துக் கொடுப்பார். எது மாறியது, ஏன் மாறியது என்று சொல்லும் குறிப்பு அது. "இரண்டாம் பாதியை டைட் செய்திருக்கிறேன்" என்று அதில் எழுதினால் இயக்குநருக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் படத்துக்கும் பொருந்துகிற காரணம், அந்தப் படத்துக்கான காரணம் ஆகாது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு கற்பனைக் கதையை வைத்துப் பார்க்கலாம். தறி ஓட்டும் அப்பா, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக மகளின் சங்கிலியை அடகு வைக்கிறார். இது 33-வது சீன். 41-வது சீனில் பக்கத்து வீட்டு அத்தை மகனிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். 58-வது சீனில் அப்பாவே மகனிடம் மனம் திறக்கிறார். இரண்டு பக்க வசனம். எழுதியவருக்குப் பிடித்த சீன் அதுதான். ஆனால் படிக்கிறவருக்கு அங்கேதான் சலிப்பு தட்டுகிறது.

வசனத்தில் குறை இல்லை. 33-லேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிட்டது, 41-ல் மகனுக்கும் தெரிந்துவிட்டது. 58-க்கு வரும்போது புதிதாகத் தெரிந்துகொள்ள யாருமே இல்லை. அதனால் எடிட்டர் 58-ன் வசனத்தைச் செதுக்கிக்கொண்டிருக்காமல் 41-ஐ எடுத்துவிடுகிறார். குறிப்பின் முதல் பத்தி இதைத்தான் சொல்ல வேண்டும்: கோளாறு தெரிவது 58-ல், அது தொடங்குவது 41-ல்.

அடுத்தது புதிய 58. மகன் பஸ்ஸுக்குச் சில்லறை தேடி, ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டைப் பையில் கை விடுகிறான். அடகுக்கடை ரசீது வருகிறது. அப்பா அதை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்பப் பையில் வைக்கிறார். "மூக்க நாள் இருக்குடா" என்கிறார். அவ்வளவுதான். இரண்டு பக்கம் அரைப் பக்கம் ஆகிவிட்டது. சொல்லாமல் மறைக்கிற அப்பாதான் இயக்குநர் முதல் நாளிலிருந்து விரும்பிய அப்பா என்பதையும் குறிப்பு நினைவூட்டுகிறது.

ஒரு சீனை எடுத்தால் அது மட்டும் போவதில்லை. 46-ல் மகன் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கிறான். பழைய வடிவில் எல்லாம் தெரிந்தும் கேட்பதால் கல்நெஞ்சனாகத் தெரிந்தான். இப்போது தெரியாமல் கேட்கிறான், பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதைக்கும். ஆனால் அதே சீனில் இருந்த "எனக்கு எல்லாம் தெரியும்ப்பா" என்ற வரியை வெட்டியாக வேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தியையும் 41-ல் அத்தைதான் சொல்லியிருந்தார். 70-வது சீன் அதன் மேல்தான் நிற்கிறது. அதனால் அந்தச் செய்தி 39-க்குப் போகிறது. 44-ல் அக்கா சங்கிலியைத் திருகிக்கொண்டே பேசுவதாக எழுதியிருந்தது. சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறதே! இப்போது தம்பி பார்க்கும்போது அவள் துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துக்கொள்கிறாள். உடைப் பிரிவுக்குத் தனியாக ஒரு வரி: 33-க்குப் பிறகு அக்கா கழுத்தில் சங்கிலி கூடாது.

எண்கள் மாறாது. 41 போனால் 42-ஐ 41 ஆக்கக் கூடாது. ஷெட்யூலும் கலைப் பிரிவின் பட்டியலும் அந்த எண்களை நம்பித்தான் போடப்பட்டிருக்கும். "41 – நீக்கப்பட்டது" என்று இடத்தை அப்படியே விட வேண்டும். புதிதாக ஒரு சீன் வந்தால் அது 41ஏ. ஹாலிவுட்டில் திருத்திய பக்கங்களை நிறம் மாற்றி அச்சிடும் வழக்கம் உண்டு. பொதுவாக வெள்ளைக்குப் பிறகு நீலம், அப்புறம் இளஞ்சிவப்பு. மாறிய வரிக்கு நேரே ஓரத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். குறிப்பில் சொல்லாமல் மாற்றிய ஒரே ஒரு வசனம்கூடப் படப்பிடிப்பில் வம்பாகும். நடிகர் பழைய வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்.

கடைசிப் பத்தி இயக்குநரே முடிவு செய்ய வேண்டியதற்கானது. 33-ஐயும் எடுத்துவிட்டால் ரசீது நமக்கும் அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் 46-ல் அந்தப் பதைப்பு இருக்காது, 44-ல் துப்பட்டாவை ஏன் இழுக்கிறாள் என்பதும் புரியாது. எடிட்டர் இரண்டு வழியையும், ஒவ்வொன்றிலும் எது கைவிட்டுப் போகும் என்பதையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

இயக்குநர் இதை ஏற்காமலும் போகலாம். "அத்தைக்கு இருப்பதே அந்த ஒரு சீன்தான், 41 வேண்டும்" என்று சொல்லலாம். அப்போதும் குறிப்பு பயன்படும். 41 திரும்பி வந்தால் 39, 44, 46, 58 ஆகிய நான்கையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.