கைப்பிள்ளையோடு பதுளை நைட் மெயிலில்

பதுளையில் மாலையில் ஏறினால் கொழும்பு கோட்டையில் விடியும்போது இறங்கலாம். ஏறக்குறைய 290 கிலோமீட்டர் மலைப்பாதை. பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனைக்குப் பிள்ளையைக் காட்டப் போகும் தோட்டத்து அம்மாக்களுக்கு இரவுக் கோச்சிதான் வசதி. காலை கிளினிக்குக்கு நேரத்தோடு போய்விடலாம்.

மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைக்கு டிக்கெட் வேண்டியதில்லை. அதன்பின் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். இலவசம் என்றால் மடியில் என்று அர்த்தம். தனி இருக்கை கிடையாது. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் நின்றபடியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக நேரிடும். ஆகவே ஒரு மாதம் முன்பே திறக்கும் முன்பதிவில் இடம் பிடித்துவிடுங்கள்.

கீழ்ப்படுக்கை கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். நைட் மெயிலில் படுக்கை என்பது முதல் வகுப்பில், இருவர் படுக்கும் அறையில் மட்டுமே. இரண்டு படுக்கைகளையும் நீங்களே எடுத்தால் கீழ்ப்படுக்கையும் உங்களுடையது, கதவைச் சாத்திப் பாலும் கொடுக்கலாம். ஆனால் அது தோட்டச் சம்பளத்துக்குக் கட்டுமா? மற்ற வகுப்புகளில் சாயும் இருக்கைதான். ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி, துணைக்கு வருபவரை நடைபாதைப் பக்கம் உட்கார வைத்தால் சால்வைக்குள் பால் கொடுக்கக் கொஞ்சம் மறைவு கிடைக்கும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதால் பயணத்திலும் கவலையில்லை. புட்டிப்பால் குடிக்கும் எட்டு மாதப் பிள்ளைக்குத்தான் கணக்கு வேண்டும். மூன்று மணிக்கொரு தடவை என்றால் இரவுக்கு நாலு வேளை. ஒரு வேளை தாமதத்துக்கும் சேர்த்து ஐந்து. வீட்டிலேயே கரைத்துக் கொண்டுபோகாதீர்கள்; கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஐந்து வேளைக்கும் பாத்திரங்களில் மாவை அளந்து பிரித்து, கொதிநீரைப் பிளாஸ்கில் வாய்வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். மாவிலுள்ள கிருமி சாக நீர் 70 பாகைக்குக் குறையக் கூடாது. நள்ளிரவுக்குப் பின்னும் அந்தச் சூடு நிற்க வேண்டுமென்றால் இரண்டாவது பிளாஸ்கை முதலில் திறக்காமல் வையுங்கள். ஓடும் பெட்டியில் கரைத்தால் கை சுடும். நானுஓயா, ஹட்டன், நாவலப்பிட்டி போல வண்டி நிற்கும் இடங்களில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

பட்டிப்பொல ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். இரவில் குளிர் எலும்பைத் தொடும், கொழும்பிலோ புழுக்கம். தடித்த ஒரு ஸ்வெட்டரைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய மெல்லிய உடுப்புகளே உதவும். கழுத்தின் பின்புறம் வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் இந்தப் பாதையை மோசமாகச் சேதப்படுத்தியது. புறப்படும் முன் ஸ்டேஷனில் வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள்.

இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. 2022 மே மாதம் லக்னோ மெயிலில் குழந்தைப் படுக்கையும் பரீட்சார்த்தமாகப் பொருத்தினார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். முன்பதிவுப் பெட்டியில் ஓரிரு ஜன்னலோர இருக்கைகளைக் கைப்பிள்ளைத் தாய்மாருக்கு ரயில்வே திணைக்களம் ஒதுக்கினால் போதும்.