நடுங்காத முகம்

2020-இல் வந்த ‘வெல்கம் டு செச்சன்யா’ ஆவணப்படத்தில் பேசும் பலருடைய முகம் அவர்களுடையது அல்ல. ஒருபாலீர்ப்பாளர் என்பதற்காக வேட்டையாடப்பட்டு, உயிர் தப்பியவர்கள் அவர்கள். இயக்குநர் டேவிட் ஃபிரான்ஸ் குழுவினர் அந்த முகங்களின் மேல் தன்னார்வலர்களின் முகங்களைப் பொருத்தினார்கள். வெறுமனே மங்கலாக்கியிருந்தால் ஆளோடு சேர்ந்து அச்சமும் அழுகையும் மறைந்துபோயிருக்கும்.

இந்த வேலையில் ஒரு பிரேம் அழகாக அமைவது பெரிதில்லை. வினாடிக்கு 25 பிரேம் ஓடும்போது முகம் நடுங்காமல் இருப்பதுதான் கடினம். வழக்கமான மென்பொருள் ஒவ்வொரு பிரேமையும் தனிப்படமாகவே பார்க்கிறது. கண்முனை, மூக்கு நுனி, தாடை விளிம்பு என்று அடையாளப் புள்ளிகளை வைத்து, அவற்றைக்கொண்டு முகத்தை வெட்டியெடுத்து, புது முகத்தை வரைந்து, அதே இடத்தில் ஒட்டுகிறது. முந்தைய பிரேமில் புள்ளியை எங்கே வைத்தது என்பது அதற்கு நினைவில்லை.

ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண்முனை 412-ஆவது பிக்சலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பிரேம்களில் மென்பொருள் 412, 413, 411, 412, 412 என்று கணிக்கிறது. ஒரு பிக்சல் பிசகுதான். ஆனால் காது அசையாமல் நிற்க, முகம் மட்டும் அதிர்வது உடனே கண்ணில் படும். ஐந்தின் சராசரி 412. அதை எடுத்துக்கொண்டால் நடுக்கம் நின்றுவிடும்.

அவர் தலையைத் திருப்பும்போதுதான் சிக்கல். கண்முனை 412, 418, 424, 430, 436 என்று நகர்கிறது. கடந்த ஐந்து பிரேம்களின் சராசரி 424. உண்மையில் கண்ணோ 436-இல். புது முகம் 12 பிக்சல் பின்தங்கி வழுக்கிக்கொண்டு வரும். எடுத்து முடித்த படம் என்றால் இதற்கு வழி உண்டு: நடு பிரேமுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சேர்த்துச் சராசரி எடுத்தால் 424 சரியான இடத்தில் விழும். நேரலையில் அடுத்த பிரேம் இன்னும் வந்திருக்காது. அங்கே மெதுவான அசைவில் அதிகமாகவும் வேகமான அசைவில் குறைவாகவும் சீராக்கும் வடிகட்டி தேவை. காட்சி வெட்டைத் தாண்டிச் சராசரி எடுக்கவே கூடாது.

எதைச் சீராக்குகிறோம் என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். இமைப்பு சில பிரேம்களிலேயே முடிந்துவிடும். இமையின் அசைவையும் சராசரியாக்கினால் கண் பாதி மூடித் திறக்கும். உதடும் பேச்சோடு ஒட்டாது. ஆகவே முகத்தின் இடம், சாய்வு, அளவு ஆகியவற்றை மட்டும் சீராக்கி, பாவனையை அப்படியே விட்டுவிட வேண்டும்.

முகம் இடம் மாறாமல் வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தால், கோளாறு புள்ளிகளில் இல்லை, நிறப் பொருத்தத்தில். கன்னத்தருகே கை வந்தால் கையின் நிறமும் கணக்கில் கலந்து, அந்தச் சில பிரேம்களில் முகம் கறுக்கும். கையை விலக்கிவிட்டு நிறத்தை அளந்து, அந்த அளவைப் பல பிரேம்களுக்குப் பரப்ப வேண்டும். சோதிக்க, ஆள் அசையாத காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டி, தாடை விளிம்பையும் மயிர்க்கோட்டையும் மட்டும் பார்த்தால் போதும்.