சட்டையைத் துவைத்தது யார்?

வகுப்பறையில் நான்கு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை, ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு சொல். மீனா, காலையில், சட்டையை, துவைத்தாள். எதிரே உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் சத்தமாக வாசிக்கிறார்கள். எங்கேயாவது தடுக்கினால் நிற்பவர்கள் இடம் மாறி வாக்கியத்தைச் சரிசெய்ய வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஆங்கில வகுப்புகளில் இது வெகுநாளாகப் பழக்கத்தில் உள்ள பயிற்சி. தமிழ் வகுப்புக்கு அதை அப்படியே தூக்கிவந்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: பிள்ளைகள் எப்படி மாறி நின்றாலும் வாக்கியம் தப்பாகாது.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்பவர்தான் செய்தவர், பின்னால் நிற்பவர்தான் அகப்பட்டுக்கொண்டவர். பூனையும் எலியும் இடம் மாறினால் எலி பூனையைத் துரத்தத் தொடங்கிவிடும். அங்கே இடமே இலக்கணம், அதனால் பிள்ளைகள் நகர்ந்தாலே பாடம் நடந்துவிடுகிறது. நம் மீனாவோ வரிசையின் முதலில் நின்றாலும் கடைசியில் நின்றாலும் துவைத்தவள் அவள்தான். சட்டையின் வாலில் ‘ஐ’ ஒட்டியிருக்கிறது. வினையின் வாலில் ‘ஆள்’ இருக்கிறது. யார் செய்தது, எதைச் செய்தது என்பதை அந்த இரண்டு வால்களும் சொல்லிவிடுகின்றன. நான்கு பிள்ளைகள் 24 விதமாக வரிசை கட்டலாம். அழுத்தம் மாறும், சில வரிசைகள் பேச்சுபோலவும் சில பாட்டுபோலவும் ஒலிக்கும். ஆனால் 24-இலும் துவைத்தவள் மீனா, நனைந்தது சட்டை.

‘தமிழுக்கு இந்த விளையாட்டு சரிப்படாது’ என்று ஆசிரியர்கள் சிலர் அட்டைகளைப் பரண்மேல் போட்டுவிடுவது இதனால்தான். வேறு சிலர் ‘எழுவாய், செயப்படுபொருள், பயனிலை’ என்ற ஒரே வரிசையைச் சரி என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் பெருக்கல் குறி போடுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம். வீட்டில் பாட்டி ‘துவைச்சாளா மீனா சட்டைய?’ என்று கேட்பதைத் தினமும் கேட்கிற பிள்ளைக்கு அது தமிழே இல்லை என்று சொன்னதாகிறது. அட்டைகளைத் தூக்கிப்போடத் தேவையில்லை. ஐந்தாவதாக ஒரு பிள்ளையை உள்ளே அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளையின் கையில் சொல் இருக்காது. க், ச், த், ப் என்று நான்கு சின்ன அட்டைகள் இருக்கும்.

ஒற்றுப் பிள்ளையின் வேலை இது. ‘சட்டையை’ என்ற அட்டைக்கு அடுத்து யார் வந்து நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். வருபவர் துவைத்தாள் என்றால் இடையில் புகுந்து ‘த்’ காட்ட வேண்டும்: மீனா காலையில் சட்டையைத் துவைத்தாள். இப்போது காலையில் நகர்ந்து சட்டைக்கும் வினைக்கும் நடுவே வருகிறது. ‘த்’ செல்லாது, உடனே ‘க்’ எடுக்க வேண்டும்: மீனா சட்டையைக் காலையில் துவைத்தாள். அடுத்து மீனாவே சட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்: காலையில் சட்டையை மீனா துவைத்தாள். மெல்லினத்துக்கு முன் வல்லொற்று மிகாது, ஆகவே ஒற்றுப் பிள்ளை வெளியேற வேண்டும். சட்டை கடைசியில் நின்றாலும் அப்படித்தான், ஒட்டிக்கொள்ள அடுத்த சொல்லே இல்லை. 24 வரிசைகளையும் நிறுத்திப் பார்த்தால் ஆறில் ‘த்’ வரும், ஆறில் ‘க்’ வரும், மீதிப் பன்னிரண்டில் எதுவும் வராது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பக்கத்தில் வந்து நிற்பவரைப் பொறுத்து ஒற்று மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ‘சட்டையைக் மீனா’ என்று எழுதக் கை வராது.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை ஒற்றுப் பிள்ளையாக்கிவிடலாம் என்று தோன்றும், பேச வேண்டியதில்லையே என்று. வேண்டாம். வரிசையில் அதிகம் ஓடுவதும் அதிகம் யோசிப்பதும் அந்தப் பிள்ளைதான்.

ஆட்டத்துக்கு முன் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. நிற்பவர்கள் வகுப்பைப் பார்த்து நிற்கிறார்கள். வாசிப்பவர்களுக்கு இடது பக்கம் எதுவோ அது நிற்பவர்களுக்கு வலது பக்கம். ‘முதல் சொல் இடது கைப் பக்கம்’ என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் தங்கள் இடது கையைப் பார்த்துத்தான் நிற்பார்கள், வாக்கியம் தலைகீழாகிவிடும். ஆங்கில வகுப்பில் இந்தப் பிசகு உடனே தெரியும். தமிழ் வகுப்பில் தெரியாது. ‘துவைத்தாள் சட்டையை காலையில் மீனா’ என்பதும் வாக்கியமாகத்தானே கேட்கிறது! நோட்டில் எழுதச் சொல்லும்போதுதான் ஒற்று வேறிடத்தில் விழுந்து குட்டு வெளிப்படும். தரையில் சாக்பீஸால் ஒரு நீளக் கோடு கிழித்து, வாசிக்கத் தொடங்க வேண்டிய முனையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. அட்டையின் பின்பக்கத்திலும் சொல்லைச் சிறிதாக எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடித்திருப்பவருக்குத் தன் சொல் எது என்பது மறந்துபோய், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேற்றுமை உருபைத் தனி அட்டையாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ‘சட்டை’ ஒருவரிடமும் ‘ஐ’ இன்னொருவரிடமும் இருந்தால் சேரும்போது ‘சட்டைஐ’ என்றுதான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் உடம்படுமெய்யாக ‘ய்’ வந்து, எழுத்தே உருமாறி ‘சட்டையை’ ஆவதை அட்டைகள் காட்டாது. அதற்கு ஓர் எளிய வழி: ஒரே அட்டையின் ஒரு முகத்தில் சட்டை, மறுமுகத்தில் சட்டையை. ‘ஐ’ வைத்திருப்பவர் வந்து தோளைத் தொட்டதும் அட்டையைத் திருப்ப வேண்டும். தொட்டவர் விலகினால் பழையபடி திருப்ப வேண்டும். (இப்படி இரு முகமும் எழுதிய அட்டையில் பிடிப்பவருக்கான குறிப்பை மேல் விளிம்பில் எழுதிக்கொள்ளலாம்.)

இந்தத் திருப்பு அட்டை கைக்கு வந்ததும் இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம். ‘ஐ’யை வெளியே அனுப்பிவிடுங்கள். மீனா சட்டை துவைத்தாள். ஒன்றும் ஆகவில்லை, நாமே அப்படித்தான் பேசுகிறோம். சட்டை துவைக்காது என்பது தெரியும், ‘ஆள்’ என்ற முடிவும் மீனாவைத்தான் காட்டுகிறது. இப்போது அட்டைகளை மாற்றுங்கள்: பூனை, எலியை, துரத்தியது. ‘ஐ’ இருக்கும்வரை எந்த வரிசையிலும் எலிதான் ஓடுகிறது. ‘ஐ’ போனதும் பூனை எலி துரத்தியது, எலி பூனை துரத்தியது. இரண்டுமே அஃறிணை, இரண்டுக்கும் வினை ‘அது’ என்றே முடியும். யார் யாரைத் துரத்தியது என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். உருபு போனதால் இடத்தை நம்ப வேண்டியதாகிறது, ஆங்கிலத்தில்போல. இது பிள்ளைகளுக்கு மட்டும் வந்த குழப்பமும் இல்லை. ‘புலி கொல் யானை’ என்ற தொடரில் கொன்றது புலியா யானையா என்று தொல்காப்பிய உரைகாரர்களே பேசியிருக்கிறார்கள்.

தமிழில் இடமும் இலக்கணமாகிற வேறொரு சந்தர்ப்பம் உண்டு. மறுபடி மீனாவின் வரிசைக்கு வருவோம். ‘வாங்கிய’ என்ற அட்டையோடு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். அது சட்டைக்கு முன்னால்தான் நிற்க முடியும். மீனாவுக்கு முன்னால் போய் நின்றால் ‘வாங்கிய மீனா’ என்று வாசித்துவிட்டு வகுப்பு சிரிக்கும். கடைசியில் போய் நின்றால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ஆக, இவர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு, எங்கே போனாலும் சேர்ந்தே போக வேண்டும். பெயரெச்சம் என்ற சொல்லை அன்றைக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வரிசையில் இப்போது இரண்டு செயல்கள் இருக்கின்றன: வாங்கியது, துவைத்தது. காலையில் என்ற பிள்ளை இதுவரை எங்கே நின்றாலும் பொருள் மாறவில்லை. இனி அந்தச் சுதந்திரம் கிடையாது. மீனா காலையில் வாங்கிய சட்டையைத் துவைத்தாள் என்றால் காலையில் நடந்தது கடைக்குப் போனது. மீனா வாங்கிய சட்டையைக் காலையில் துவைத்தாள் என்றால் காலையில் நடந்தது துவைத்தது. இரண்டு இடம் தள்ளி நின்றதில் சம்பவமே மாறிவிட்டது. அந்தப் பிள்ளை வரிசையின் தலைப்புக்கே போனால்? ‘காலையில் மீனா வாங்கிய சட்டையைத் துவைத்தாள்.’ இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். இங்கே கால்புள்ளி அட்டையோடு ஒருவரை அழைத்து, காலையில் என்பதற்கு அடுத்து நிறுத்தினால் சந்தேகம் பெருமளவு தீரும். கால்புள்ளி எதற்கு என்று தனியாக ஒரு பாடம் நடத்துவதைவிட இந்த ஒரு நிமிடம் மேல். ஒரே வகுப்பில் இவ்வளவையும் அடுக்கக் கூடாது, அது வேறு விஷயம். ஒருநாள் ஒற்று, இன்னொரு நாள் ‘வாங்கிய’ என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். வரிசையில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருக்கும். மற்றவர்களைத் தோளைப் பிடித்துத் தள்ளி, ‘நீ இங்க வா, நீ அங்க போ’ என்று நிமிடத்தில் வாக்கியத்தை முடித்துவிடும். மற்ற மூன்று பேரும் கம்பத்தில் ஒட்டிய சுவரொட்டிபோல நிற்பார்கள். ‘யாரும் யாரையும் தொடக் கூடாது, தன்னை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம், உருபும் ஒற்றும் மட்டுமே தொடலாம்’ என்று ஒரு விதி வைத்தால் இது அடங்கும். யார் யோசித்தார், யார் வெறுமனே நின்றார் என்பதை அறிய, நகர்ந்தவரிடம் ‘ஏன் நகர்ந்தே?’ என்று கேட்டால் போதும். ‘அவன் சொன்னான் டீச்சர்’ என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளையிடம் இன்னும் போய்ச்சேரவில்லை. ‘எனக்குப் பக்கத்துல மீனா வந்துட்டா, அதான் த் போயிடுச்சு’ என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலை வேண்டும். வரிசை ஒவ்வொரு முறை மாறும்போதும் அவர்கள் வாக்கியத்தை ஒற்றோடு சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். 40 பேர் இருக்கும் வகுப்பில் ஐந்து பேர் மட்டும் ஆடி 35 பேர் வேடிக்கை பார்த்தால் பத்தாவது நிமிடம் பின்வரிசையில் வேறு விளையாட்டு தொடங்கியிருக்கும்.

கடைசிச் சுற்றுக்கு ‘ஆ’ அட்டை. அதை வைத்திருப்பவர் வரிசையில் தனக்கென்று ஓரிடம் பிடிக்காமல் ஒவ்வொருவர் பின்னாலும் போய் நிற்க வேண்டும். மீனாவுக்குப் பின்னால் நின்றால், மீனாவா காலையில் சட்டையைத் துவைத்தாள்? காலையில் என்பவருக்குப் பின்னால் நின்றால், மீனா காலையிலா சட்டையைத் துவைத்தாள்? சட்டைக்குப் பின்னால் வந்தால், மீனா காலையில் சட்டையையா துவைத்தாள்? அங்கே ‘ஆ’ வந்ததும் ஒற்றுப் பிள்ளை வெளியேற வேண்டியிருக்கிறது. வினைக்குப் பின்னால் போனால் துவைத்தாளா என்று முழுச் செய்தியையும் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் உட்கார்ந்திருப்பவர்கள் ‘இல்லை’ என்று தொடங்கிப் பதில் சொல்ல வேண்டும்: இல்லை, கலா துவைத்தாள், இல்லை, சாயங்காலம், இல்லை, பாவாடையை, இல்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டாள்.