சொல்லுக்குச் சொல் வைத்தால் போதாது



அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வுக்கு நம் மாலை வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சென்ற மாதம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். முதன்மைத் தேர்வில் கட்டாயத் தமிழ்த் தாள் ஒன்று இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புத் தரம், 100 மதிப்பெண், அதில் 40 எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் பொது அறிவுத் தாளை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. அந்தத் தமிழ்த் தாளில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கச் சொல்லும் பகுதி உண்டு. நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கியது அங்கேதான். எழுத்துப் பிழை குறைவு, சொற்பொருளும் ஏறக்குறையச் சரி. ஆனாலும் தாளைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "இது தமிழ் எழுத்தில் இருக்கும் இங்கிலீசு" என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

எங்கே பிசகுகிறது என்பதை ஒரு விடைத்தாளை வைத்தே சொல்கிறேன். இதழை வீட்டில் உம்மாமாரும் வாசிப்பதால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கொடுத்த பத்தி இது: "மை ஃபாதர் ஹேட் எ ஸ்மால் ஷாப். ஹீ குட் நாட் ரீட், பட் ஹீ ஹேட் எ குட் மெமரி. தி ஷாப், விச் வாஸ் பில்ட் பை மை கிராண்ட்ஃபாதர், வாஸ் டேமேஜ்டு பை தி ஃபிளட்."

ஒரு மாணவி எழுதியது: "என் தந்தை ஒரு சிறிய கடையைக் கொண்டிருந்தார். அவர் வாசிக்க முடியவில்லை, ஆனால் அவர் ஒரு நல்ல ஞாபகத்தைக் கொண்டிருந்தார். அந்தக் கடை, எது என் தாத்தாவால் கட்டப்பட்டதோ, அது வெள்ளத்தால் சேதப்படுத்தப்பட்டது."

அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க வாப்பா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டேன். "சுரண்டையில கடை வச்சிருக்காங்க, மாமா" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயில் வந்தது "கடை வைத்திருக்கிறார்", தாளில் எழுதியது "கடையைக் கொண்டிருந்தார்".

ஆங்கிலத்தின் 'ஹாவ்' என்ற வினைக்குத் தமிழில் நேரான ஒற்றைச் சொல் கிடையாது. கடை என்றால் வைத்திருக்கிறார். பணம் என்றால் அவரிடம் இருக்கிறது. பிள்ளைகள் என்றால் அவருக்கு இருக்கிறார்கள். காய்ச்சல் என்றால் அவருக்கு அடிக்கிறது. என்ன பொருள், அது யாரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் தமிழ் வினை வரும். அகராதியில் 'ஹாவ்' என்பதற்குக் 'கொண்டிரு' என்று போட்டிருப்பதைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. அரபியிலும் 'ஹாவ்' இல்லை. 'இந்தீ கிதாபுன்' என்றால் என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. 'லீ உக்துன்' என்றால் எனக்கு ஒரு சகோதரி. 'ஸைதுன் ஆலிமுன்' என்று சொல்லும்போது நடுவில் ஆங்கிலத்தின் 'இஸ்' போல ஒன்றும் வராது, தமிழில் "ஸைது ஆலிம்" என்கிறோமே அதைப் போலத்தான். இந்த இரண்டு விஷயத்தில் அரபி நமக்குப் பக்கத்து வீடு.

இரண்டாவது வாக்கியத்தில்தான் பொருளே மாறிவிட்டது. 'குட் நாட் ரீட்' என்பதை "வாசிக்க முடியவில்லை" என்றாள். கண் மங்கியவருக்கு வாசிக்க முடியாது, கரண்டு போன இரவில் யாருக்கும் வாசிக்க முடியாது. இங்கே சொல்ல வந்தது அவர் படிக்காதவர் என்பது. அதற்குத் தமிழில் "வாசிக்கத் தெரியாது". ஆங்கிலம் 'கேன்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடும். தமிழ் பழகிப் பெற்ற திறமைக்குத் 'தெரியும்' என்றும், அந்த நேரத்தில் இயலுமா என்பதற்கு 'முடியும்' என்றும் பிரித்துச் சொல்லும். நீச்சல் தெரிந்தவனுக்கும் கை ஒடிந்திருந்தால் நீந்த முடியாது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்ட பிள்ளை 'கேன்' வரும் இடத்தில் எல்லாம் நின்று யோசிக்கும். அதே வாக்கியத்தில் 'அவர்' என்று தொடங்கியதும் பிழை. தெரியும், பிடிக்கும், பசிக்கும், வேண்டும் போன்ற வினைகளுக்கு ஆள் நான்காம் வேற்றுமையில் வருவார்: அவருக்கு, எனக்கு, பிள்ளைக்கு.

மூன்றாவது வாக்கியம் நீளமானது. ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லி, அதைப் பற்றிய விவரத்தை 'விச்', 'ஹூ' என்று பின்னால் கட்டித் தொங்கவிடுவார்கள். தமிழில் விவரம் முன்னால் வந்து பெயர் கடைசியில் நிற்கும். தாத்தா கட்டிய கடை. இலக்கணத்தில் இதைப் பெயரெச்சம் என்று படித்திருப்போம். ஆகவே 'விச்' என்ற சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டாம். 'கட்டிய' என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. அடுத்தது செயப்பாட்டு வினை. 'பை' என்று வந்தால் 'ஆல்' போட்டு, வினையோடு 'பட்டது' சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் கற்றது தவறல்ல. ஆனால் தமிழில் பல வினைகளுக்கு இரட்டை உண்டு: உடைத்தான், உடைந்தது, கிழித்தான், கிழிந்தது, இடித்தான், இடிந்தது. செய்தது மழையோ வெள்ளமோ காற்றோ என்றால் இரண்டாவது வகைதான் நம் வாயில் வரும். மழையில் சுவர் இடிந்தது என்போமே தவிர, மழையால் சுவர் இடிக்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை.

சேர்த்து எழுதினால் பத்தி இப்படி வருகிறது: "என் தந்தை சிறிய கடை ஒன்று வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நல்ல ஞாபகசக்தி. தாத்தா கட்டிய அந்தக் கடை வெள்ளத்தில் சேதமடைந்தது." செய்தி ஒன்றும் விடுபடவில்லை. சொற்கள்தான் குறைந்துவிட்டன.

ஒரு மாணவன் கேட்டான், அப்படியானால் சொல்லுக்குச் சொல் பார்ப்பதே தவறா என்று. இல்லை. மதரஸாவில் எங்களுக்கு நஹ்வு பாடத்தில் வரும் பெயர்பெற்ற உதாரணம் 'ளரப ஸைதுன் அம்ரன்'. முதலில் ஹஜ்ரத் சொல் சொல்லாகவே பிரித்துச் சொல்ல வைப்பார்கள்: அடித்தான், ஸைது, அம்ரை. எது செய்தவன், எது செய்யப்பட்டவன் என்று தெளிவான பிறகே "ஸைது அம்ரை அடித்தான்" என்ற முழு வாக்கியத்துக்கு விடுவார்கள். சொல் சொல்லாகப் பார்ப்பது புரிந்துகொள்வதற்கான படி, அதோடு நின்றுவிட்டால் விடை ஆகாது. நம் பிள்ளைகள் அந்த முதல் படியையே தாளில் எழுதிவிட்டு வருகிறார்கள்.

இனி மறுபக்கம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொடுத்த பத்தி: "குற்றாலத்தில் சாரல் விழுகிறது. எனக்குக் குளிர் தாங்காது. நேற்று அருவியில் குளித்ததில் காய்ச்சல் வந்துவிட்டது."

வந்த விடை: "இன் குற்றாலம் சாரல் இஸ் ஃபாலிங். டு மீ கோல்டு வில் நாட் டாலரேட். யெஸ்டர்டே இன் ஃபால்ஸ் பாத்திங் ஃபீவர் கேம்."

நம் ஊர்க்காரருக்கு இது நன்றாகவே புரியும். திருத்துபவர் ஏற்க மாட்டார். ஆங்கில வாக்கியத்துக்கு முன்னால் ஓர் எழுவாய் நின்றே ஆக வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் நேரத்துக்கும் நிறுத்த ஆள் இல்லாவிட்டால் 'இட்' என்று ஒரு பெயருக்கு நிறுத்திவைப்பார்கள். அந்த 'இட்' எதையும் குறிக்காது, அதை 'அது' என்று தேட வேண்டாம். "இட் இஸ் டிரிஸ்லிங் இன் குற்றாலம்." அடுத்து, தமிழில் 'எனக்கு' என்று வரும் ஆள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஐ' ஆகி முன்னால் வருவார். "ஐ கான்ட் ஸ்டாண்ட் தி கோல்டு." மூன்றாவது வாக்கியத்தில் குளித்தது யார் என்று தமிழ் சொல்லவே இல்லை, கேட்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டது. ஆங்கிலம் விடாது. "ஐ பேத்டு இன் தி ஃபால்ஸ் யெஸ்டர்டே அண்ட் காட் எ ஃபீவர்." எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு தமிழ் வாக்கியத்திலும் யார் என்று கேட்டு, பென்சிலால் மேலே குறித்துக்கொள்ளச் சொன்னோம். அடுத்த தேர்விலேயே வித்தியாசம் தெரிந்தது. குர்ஆன் தர்ஜுமாக்களில் வாக்கியம் நிறைவுபெற வேண்டிய சொற்களை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இது. தேர்வில் மட்டும் அடைப்புக்குறி போட வேண்டாம்.

வினைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் 'போடு' எத்தனை வேலை செய்கிறது பாருங்கள்: சட்டை போடு, சோறு போடு, ஊசி போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு. ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ஐந்து வினை. அவர்களுடைய 'டேக்' அதே போல. 'டேக் எ பாத்' குளிப்பது, 'டேக் மெடிசின்' மருந்து சாப்பிடுவது, 'டேக் எ ஃபோட்டோ' படம் எடுப்பது. மூன்றுக்கும் 'எடு' என்று எழுதினால் ஒன்றுதான் பொருந்தும். இப்படிப்பட்ட சின்ன வினைகளைத் தனியாக மனனம் செய்வதில் பயன் இல்லை, பக்கத்துச் சொல்லோடு சேர்த்து நோட்டில் எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் சில பிள்ளைகள் மறு எல்லைக்குப் போய்விட்டார்கள். கருத்து வந்தால் போதும் என்று மூன்று வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்கினார்கள். சுருக்கி எழுதுதல் அதே தாளில் தனிக் கேள்வி. மொழிபெயர்ப்பில் எண், ஆண்டு, பெயர், காரணம், 'எல்லாம்', 'சில', 'மட்டும்' போன்றவை ஒன்றுகூட உதிரக் கூடாது. நிர்வாகச் சொற்களிலும் சொந்தக் கைவரிசை வேண்டாம். தாசில்தார் என்றால் வட்டாட்சியர், ஆர்.டி.ஓ. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர், கலெக்டர் என்றால் மாவட்ட ஆட்சியர். இவை அரசு நிலைப்படுத்திய சொற்கள். நம் வீ.கே.புதூர் வட்டாட்சியர் அலுவலகப் பலகைகளையும் சான்றிதழ்களையும் ஒருமுறை நின்று வாசித்தாலே பாதிச் சொற்கள் கிடைத்துவிடும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறோம். தமிழ் விடையை, ஆங்கிலத்தைக் காட்டாமல், வீட்டில் உம்மாவுக்கோ ராத்தாவுக்கோ வாசித்துக் காட்ட வேண்டும். "என்னது, திரும்பச் சொல்லு" என்று எங்கே நிறுத்துகிறார்களோ அங்கே ஆங்கிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் தாளிலேயே நான்கு சொற்களைத் தேடி வட்டமிடலாம்: 'கொண்டிரு', 'பட்டது', 'ஒரு', 'அது'. எல்லாமே பிழை அல்ல. அபராதம் விதிக்கப்பட்டது என்பது நல்ல தமிழ்தான். ஆனால் ஐந்து வரிக்குள் நான்கைந்து வட்டம் விழுந்தால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். அந்த மாணவியின் முதல் தாளில் மூன்று வாக்கியத்துக்கு ஏழு வட்டம் விழுந்தது. போன வாரத் தாளில் ஒன்று. அதுவும் இருக்க வேண்டிய 'ஒரு'.

இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் 'இஃப்' வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் பழைய விடைத்தாளையும் ஒரு பென்சிலையும் கொண்டு வரவும்.